மேலிடத்துக்கு நாமே நேரம் சொல்லலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். துவாஸில் ஒரு கிடங்கில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஃபோர்க்லிப்ட் போகும் பாதையும் ஆட்கள் நடக்கும் பாதையும் ஓரிடத்தில் குறுக்கிடுகின்றன. அதை மாற்ற ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். என் மேலாளருக்குச் சம்மதம்தான். ஆனால் பக்கத்துக் கிடங்கிலும் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதால் வட்டார இயக்குநர்தான் முடிவு செய்ய முடியும். அவர் இருப்பது நகரத்து அலுவலகத்தில். “உங்கள் பொன்னான நேரத்தில் சில நிமிடங்கள் ஒதுக்க முடியுமா, எந்த நாளானாலும் எனக்குச் சரி” என்று மின்னஞ்சல் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லை. இரண்டு நேரம் குறிப்பிட்டு எழுது என்கிறார் நண்பர். அவ்வளவு பெரியவருக்கு நானே நேரம் சொன்னால் மரியாதைக் குறைவாகாதா?
வாசகர், சுவா சூ காங், சிங்கப்பூர்

பதில்:

ஆகாது. சொல்லாமல் விட்டதுதான் உங்களுக்குப் பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும். நிர்வாகச் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தவள் நான். மேலதிகாரிக்கு வரும் மின்னஞ்சல்களைப் பிரித்து, அவருடைய நாள்காட்டியில் எதை எங்கே வைப்பது என்று பார்ப்பதுதான் என் வேலை. உங்களுடையதைப் போன்ற கடிதம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அதற்கு என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இயக்குநர் அதை மேசையில் உட்கார்ந்து படிப்பதில்லை. ஒரு கூட்டம் முடிந்து அடுத்த கூட்டத்துக்குப் போகும் வழியில், மின்தூக்கியில் நின்றுகொண்டு, கைத்தொலைபேசியில் படிக்கிறார். அந்த நிமிடத்தில் அவரால் செய்யக்கூடியவை மூன்று. ஒரு சொல்லில் பதில் போடலாம், செயலாளருக்குத் தள்ளிவிடலாம், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடலாம். “எந்த நாளானாலும் சரி” என்ற கடிதத்துக்கு ஒரு சொல்லில் பதில் போட முடியாது. நாள்காட்டியைத் திறக்க வேண்டும், காலி இடம் தேட வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊகிக்க வேண்டும், பிறகு அதை உங்களுக்கு எழுத வேண்டும். அதனால் அது மூன்றாவது வகையில் விழுகிறது. உங்கள் மேல் கோபமும் இல்லை, அலட்சியமும் இல்லை. மாலைக்குள் அதன் மேல் இன்னும் பல கடிதங்கள் வந்து ஏறிவிடுகின்றன, அவ்வளவுதான்.

இரண்டு நேரம் குறிப்பிட்ட கடிதம் வேறு வழியில் போகும். “முடியுமா பாருங்கள்” என்று இரண்டு சொல் தட்டி எனக்கு அனுப்பிவிடுவார். நான் நாள்காட்டியில் அந்த இரண்டு இடத்தையும் பார்ப்பேன். ஒன்று காலியாக இருந்தால் அதே நிமிடத்தில் முடிந்தது. இரண்டிலும் ஏற்கெனவே வேலை இருந்தாலும், கேட்பது 15 நிமிடம்தான், அந்த வாரம்தான் என்று தெரிந்துவிட்டதால் பக்கத்தில் ஓர் இடைவெளியைத் தேடிக் கொடுத்துவிடுவேன். பணிவாக ஒதுங்கி நின்ற கடிதம் அவர் தலையில் வேலையை வைத்தது. நேரம் சொன்ன கடிதம் அந்த வேலையைத் தானே பாதி முடித்துக் கொடுத்தது. மரியாதை எதில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

ஒரே ஒரு நேரம் சொன்னால், அது ஒத்துவராதபோது “முடியாது” என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஐந்து நேரம் சொன்னால் ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதோடு, பதில் வரும்வரை அந்த ஐந்தையும் நீங்கள் வேறெதற்கும் கொடுக்காமல் வைத்திருக்கவும் வேண்டும். இரண்டு என்பது அவருக்குத் தேர்ந்தெடுக்க இடம் தருகிறது, உங்களாலும் காப்பாற்ற முடிகிற எண்ணிக்கை.

சரி, எந்த இரண்டு? பலர் இங்கேதான் யோசிக்காமல் எழுதிவிடுகிறார்கள். செவ்வாய் காலை 10 மணி, இல்லையென்றால் அடுத்த செவ்வாய் காலை 10 மணி என்று வரும். அந்த இயக்குநருக்குச் செவ்வாய்தோறும் 10 மணிக்கு ஒரு வழக்கமான கூட்டம் இருந்தால் இரண்டும் ஒரே அடியில் போய்விடும். இரண்டு நேரங்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றனவோ அவ்வளவு நல்லது. வேறு வேறு நாள், ஒன்று காலை, மற்றொன்று பிற்பகல் என்று வையுங்கள்.

உங்கள் நிறுவனம் அவுட்லுக் பயன்படுத்தினால் இன்னொரு வசதி இருக்கலாம். புதிய சந்திப்பு ஒன்றைத் திறந்து, அவர் பெயரைப் போட்டு, Scheduling Assistant என்ற பக்கத்துக்குப் போனால், ஒரே நிறுவனத்துக்குள் இருப்பவர்களின் நேரம் எப்போது நிரம்பியிருக்கிறது, எப்போது காலி என்று பெரும்பாலும் தெரியும். என்ன கூட்டம் என்று தெரியாது, பட்டைகள் மட்டும் தெரியும். பார்த்துவிட்டு அனுப்பாமல் மூடிவிடுங்கள். இரண்டு மூன்று வாரங்களைப் புரட்டினால் எந்த நாள் எந்த நேரம் வாரந்தோறும் நிரம்புகிறது என்பது புலப்படும். அதைத் தவிர்த்து உங்கள் இரண்டு நேரங்களைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் “உங்கள் நாள்காட்டியில் அந்த நேரம் காலியாக இருப்பதைப் பார்த்தேன்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படிப்பவருக்கு அது உறுத்தும். தவிர, காலியாகத் தெரிவதெல்லாம் காலி இல்லை. விமானத்தில் இருக்கும் நேரமாக இருக்கலாம், செயலாளர் மனதுக்குள் வேறொருவருக்கு ஒதுக்கி வைத்த நேரமாகவும் இருக்கலாம்.

அந்தப் பக்கம் தெரியவில்லை என்றால் செயலாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். “இயக்குநருக்கு ஒரு 15 நிமிடச் சந்திப்பு கேட்டு எழுதப்போகிறேன், எந்த நாட்களைத் தவிர்க்கலாம்?” என்று கேளுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். எங்களைத் தாண்டிப் போகாமல் எங்களிடம் கேட்டுவிட்டு வருகிறவரின் கடிதம் வந்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

தலைமையகம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். வட்டார இயக்குநர் என்றால் பாதி நேரம் வெளிநாட்டோடுதான் பேசிக்கொண்டிருப்பார். லண்டன் மே மாதத்தில் நம்மைவிட 7 மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் 8. அங்கே காலை 9 மணிக்கு அலுவலகம் திறக்கும்போது இங்கே மாலை 4. அதனால் ஐரோப்பிய நிறுவனங்களில் பிற்பகல் 3 மணிக்குப் பிறகு இயக்குநர்கள் அகப்பட மாட்டார்கள். அமெரிக்க நிறுவனமானால் தலைகீழ். நியூயார்க்கின் இரவு 8 மணி மே மாதத்தில் நமக்குக் காலை 8, எனவே காலையின் முதல் ஒரு மணி நேரம் அங்கே போய்விடும். இந்தியாவில் கிளை இருந்தால், நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால், அங்கிருந்து அழைப்புகள் நண்பகலை ஒட்டித் தொடங்கும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால், உங்களைப் போன்ற ஒருவர் நுழையக்கூடிய இடம் பெரும்பாலும் காலை 10க்கும் 11.30க்கும் நடுவிலும், சாப்பாட்டுக்குப் பின் 2.15க்கும் 3க்கும் நடுவிலும் இருக்கிறது. திங்கள் காலையும் வெள்ளிப் பிற்பகலும் வேண்டாம். முதலாவது வாராந்தரக் கூட்டங்களால் நிரம்பியிருக்கும். இரண்டாவதில் போட்ட சந்திப்புகள்தான் அதிகம் ரத்தாகும்.

எத்தனை நாள் முன்னால் கேட்பது? நாளைக்கே என்று கேட்டால் வேறொன்றைத் தள்ளித்தான் உங்களுக்கு இடம் தர முடியும். ஒரு மாதம் கழித்து என்றால் அவசரமில்லை போலிருக்கிறது என்று அதுவும் “அப்புறம்” பக்கம் போய்விடும். ஐந்து முதல் எட்டு வேலை நாள் இடைவெளி விடுவது என் வழக்கம். விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த 2026 மே மாதக் கடைசியில் 27ஆம் தேதி புதன்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். 31ஆம் தேதி விசாக தினம் ஞாயிற்றுக்கிழமை வருவதால் ஜூன் 1 திங்கள் விடுமுறை. அதோடு பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால் பலர் ஊரில் இருக்க மாட்டார்கள். ஆகவே உங்கள் இரண்டு நேரமும் மே 22க்கு முன்னால் அமைய வேண்டும்.

உங்கள் பக்கத்துக் கணக்கையும் மறக்காதீர்கள். துவாஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் என்றால் கிழக்கு மேற்கு ரயில்தடத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அப்புறம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வருகையாளராகப் பதிந்து அட்டை வாங்கி மேலே போக வேண்டும். காலை 8 மணிக்கு உங்கள் ஆட்களோடு, வேலை தொடங்கும் முன் பாதுகாப்பு பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங் இருக்கும், அதை விட முடியாது. ஆகவே காலை 9 மணி என்று எழுதினால் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள். 10.30 என்றால் மூச்சு வாங்காமல் போய்ச் சேரலாம். அவருக்கு அது 15 நிமிடம். உங்களுக்கு 9 மணியிலிருந்து 12 மணி வரை போகும். அந்த மூன்று மணி நேரத்தையும் உங்கள் நாள்காட்டியில் பிடித்து வையுங்கள், இரண்டாவது நேரத்துக்கும் அப்படியே.

இனி கடிதம். நீங்கள் அனுப்பப்போவது ஆங்கிலத்தில்தான் இருக்கும். எதை முதலில் வைப்பது, எவ்வளவு எழுதுவது என்று தெரிவதற்காகத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். மே 5 செவ்வாய் காலை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம்.

தலைப்பு: 15 நிமிடம், மே 12 அல்லது 14: துவாஸ் நடைபாதை மாற்றத்துக்கு உங்கள் முடிவு

அன்புள்ள திரு. (பெயர்) அவர்களுக்கு,

நான் துவாஸ் கிடங்கின் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். சரக்கு இறக்கும் வாசல் அருகே ஃபோர்க்லிப்ட் பாதையும் நடைபாதையும் குறுக்கிடும் இடத்தை மாற்ற ஒரு திட்டம் தயாராக உள்ளது. அதற்குப் பக்கத்துக் கிடங்கின் ஓரத்தில் சிறிது இடம் தேவை. அதைத் தரலாமா என்பதில் உங்கள் முடிவு வேண்டும். 15 நிமிடம் போதும்.

1. செவ்வாய், 12 மே, காலை 10.30 முதல் 10.45 வரை
2. வியாழன், 14 மே, பிற்பகல் 2.30 முதல் 2.45 வரை

உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். காணொளியில் பேசுவதானாலும் சரி. 1 அல்லது 2 என்று மட்டும் பதில் போட்டால் போதும், அழைப்பை நான் அனுப்பிவிடுகிறேன். இரண்டும் ஒத்துவராவிட்டால், மே 22க்குள் வேறொரு 15 நிமிடம் கிடைக்குமா என்று உங்கள் செயலாளரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பக்க வரைபடம் இணைத்துள்ளேன். என் மேலாளர் இந்தத் திட்டத்துக்குச் சம்மதித்துள்ளார், அவருக்கும் உங்கள் செயலாளருக்கும் நகல் அனுப்பியுள்ளேன்.

நன்றி.
(பெயர், பதவி, கைத்தொலைபேசி எண்)

இவ்வளவுதான். கைத்தொலைபேசியில் ஒரு தடவை விரலால் தள்ளினால் முடிந்துவிடும்.

தலைப்பைப் பாருங்கள். “சந்திப்புக்கான வேண்டுகோள்” என்று மட்டும் போட்டிருந்தால் அது யாருடைய வேண்டுகோள், எவ்வளவு பெரியது என்று ஒன்றும் தெரியாது. கைத்தொலைபேசித் திரையில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும். அதனால் 15 நிமிடம் என்பதும் இரண்டு தேதிகளும் முன்னால் நிற்கின்றன. உள்ளே போகாமலே அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது.

நேரம் எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். கிழமை, தேதி, மாதத்தின் பெயர், காலையா பிற்பகலா, எப்போது முடியும் என எல்லாமே வேண்டும். “12/5” என்று எழுதினால் அமெரிக்கருக்கு அது டிசம்பர் 5. கிழமையும் தேதியும் முரண்படுவது நான் அடிக்கடி பார்த்த கோளாறு. “புதன், 12 மே” என்று வரும். 12ஆம் தேதியோ செவ்வாய். புதனா, 12ஆம் தேதியா என்று திருப்பிக் கேட்டு எழுத வேண்டும், அதற்குள் அந்த இடத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்திருப்பார். அனுப்புவதற்கு முன் நாள்காட்டியைத் திறந்து இரண்டையும் சரிபார்த்துவிடுங்கள். அவர் அந்த வாரம் வெளிநாட்டில் இருப்பார் என்று தெரிந்தால் “சிங்கப்பூர் நேரம்” என்று சேருங்கள். முடியும் நேரத்தை எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. 15 நிமிடம் என்று மேலே சொன்னாலும், 10.45 என்ற எண்ணைப் பார்க்கும்போதுதான் இவர் எழுந்து போய்விடுவார் என்ற நம்பிக்கை வரும்.

ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டதும் அலங்காரத்துக்கு இல்லை. நடந்துகொண்டே ஒற்றை இலக்கம் தட்டிவிடலாம்.

எதற்காகச் சந்திப்பு என்ற வரியை இரண்டு முறை படியுங்கள். “சில விஷயங்கள் பற்றிப் பேச வேண்டும்”, “உங்கள் ஆலோசனை வேண்டும்” என்று அதில் இல்லை. ஓரத்து இடத்தைத் தரலாமா வேண்டாமா என்ற ஒரே கேள்விதான் இருக்கிறது. அப்படி எழுதுவதில் ஒரு ஆபத்து உண்டு என்று உங்களுக்குத் தோன்றலாம். சந்திக்காமலே மின்னஞ்சலில் “சரி, செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டால்? அதைவிட வேறென்ன வேண்டும். பாதை மாறினால் சரி.

உங்கள் முந்தைய கடிதத்தில் இருந்த “பொன்னான நேரம்”, “சிரமத்துக்கு மன்னிக்கவும்”, “தங்களைப் போன்றவர்கள்” போன்றவற்றை விட்டுவிட்டேன். பணிவு தேவைதான், ஆனால் அந்த வரிகள் கேட்க வந்ததைக் கீழே தள்ளிவிடுகின்றன. நேரத்தைச் சுருக்கிக் கேட்பதும், “இரண்டும் ஒத்துவராவிட்டால்” என்று வழி விடுவதும், நேரில் வரத் தயார் என்பதும் போதுமான பணிவு.

உங்களைப் போன்று பாதுகாப்புத் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு சபலம் வரும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேலையிடப் பாதுகாப்பில் தலைமை நிர்வாகிகளுக்கும் இயக்குநர் சபைக்கும் உள்ள கடமைகள் பற்றி 2022 அக்டோபரில் ஒரு நடைமுறை விதித்தொகுப்பு வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை மேற்கோள் காட்டினால் உடனே பதில் வரும் என்று தோன்றும். வரும், ஆனால் உங்களுக்கு வராது. சட்டப் பிரிவுக்கும் மனிதவளப் பிரிவுக்கும் போய், அங்கிருந்து உங்கள் மேலாளரிடம் “என்ன நடக்கிறது?” என்ற கேள்வியாகத் திரும்பும். நேரம் கேட்கும் கடிதத்தில் மிரட்டலின் சாயல் வரவே கூடாது. நூலிழையில் தப்பிய சம்பவங்கள் எத்தனை என்று உங்கள் பதிவேட்டில் இருக்கும் அல்லவா, அந்த எண்ணிக்கையை இணைப்பில் உள்ள வரைபடத்தின் கீழே ஒரு வரியாகப் போடுங்கள், அது போதும். நாளைக்கே யாராவது அடிபடுவார்கள் என்ற நிலைமை இருந்தால் அது வேறு. அப்போது சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம். மேலாளரிடம் இன்றே சொல்லி அந்த வழியைத் தடுத்துவிட்டுத்தான் கடிதம் எழுதவே உட்கார வேண்டும்.

மேலாளருக்கு நகல் வைப்பது கட்டாயம். அவர் பெயர் இல்லாமல் போனால் இயக்குநர் செய்யும் முதல் வேலை அதை அவருக்கே அனுப்பி விசாரிப்பதுதான். செயலாளருக்கும் நகல் வைத்தால், இயக்குநர் பார்க்காமல் விட்டாலும் அவர் எடுத்து நினைவூட்ட முடியும்.

பெயரில் ஒரு சிறு விஷயம். சீனர் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும், எனவே முதல் சொல்லோடு திரு. சேருங்கள். மலாய்ப் பெயரில் “பின்” என்பதற்குப் பிறகு வருவது தந்தையின் பெயர், அதைச் சொல்லி அழைக்கக் கூடாது. உங்கள் அலுவலகத்தில் இயக்குநரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்றால் அப்படியே எழுதலாம். தெரியாவிட்டால் செயலாளரிடம் பேசும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தோடு நாள்காட்டி அழைப்பையும் சேர்த்து அனுப்பிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். சொல்லாமல் ஒருவருடைய நாள்காட்டியில் போய் உட்காருவது வீட்டுக்குள் செருப்போடு நுழைவது மாதிரி. அவர் எண்ணைத் தட்டியதும் வரைபடத்தையும் இணைத்து அழைப்பை அனுப்புங்கள், தாமதிக்காமல் ஒரு மணி நேரத்துக்குள் அனுப்புங்கள். அவுட்லுக் தானாக 30 நிமிடம் என்று போட்டுவிடும், அதை 15 ஆக மாற்ற மறக்காதீர்கள். 15 நிமிடம் கேட்டுவிட்டு 30 நிமிட அழைப்பு வந்து சேர்வதை நாங்கள் கவனிப்போம். அப்புறம் பிடித்து வைத்த இன்னொரு நேரத்தை உங்கள் நாள்காட்டியிலிருந்து விடுவித்துவிடலாம்.

“சரி, சந்திப்போம்” என்று மட்டும் பதில் வருவதும் உண்டு. எந்த நேரம் என்று சொல்லியிருக்க மாட்டார். திருப்பிக் கேட்காதீர்கள், மறுபடியும் அவரிடம் வேலை போய்விடும். “நன்றி. செவ்வாய் 12 மே காலை 10.30 என்று அழைப்பு அனுப்புகிறேன். ஒத்துவராவிட்டால் வியாழன் 2.30க்கு மாற்றிக்கொள்கிறேன்” என்று எழுதி முதல் நேரத்தையே போட்டுவிடுங்கள்.

பதிலே வரவில்லை என்றால்? செவ்வாய் அனுப்பியதற்கு வெள்ளி, அதாவது மே 8 காலை, அதே கடிதத்தின் மேல் இரண்டு வரி எழுதுங்கள். “கீழே உள்ள சந்திப்பு பற்றி நினைவூட்டுகிறேன். மே 12, மே 14 இரண்டு நேரத்தையும் இன்னும் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.” இதற்கு மேல் வேண்டாம். பழைய கடிதம் கீழே இருப்பதால் அவர் தேடிப் போக வேண்டியதில்லை. ‘இத்தோடு இரண்டாவது முறை எழுதுகிறேன்’ என்ற தொனி எட்டிப்பார்க்காமல் இருக்கட்டும். திங்கள் நண்பகல் வரை ஒன்றும் வரவில்லை என்றால் செயலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நாளைக் காலை நேரத்தை விட்டுவிடலாமா என்று கேளுங்கள். அநேகமாக அந்த அழைப்பிலேயே காரியம் முடியும். உறுதி இல்லாமல் செவ்வாய் காலை நகரத்துக்குக் கிளம்பிப் போய் வரவேற்பறையில் உட்காருவது மட்டும் வேண்டாம்.

வியாழனும் தாண்டிவிட்டால், பழைய தேதிகளை வைத்துக்கொண்டு நினைவூட்டுவதில் பொருளில்லை. அதே கடிதத்தின் மேல் புதிதாக இரண்டு நேரம் கொடுங்கள்: செவ்வாய் 19 மே பிற்பகல் 2.30, வியாழன் 21 மே காலை 10.30. கவனித்தீர்களா, காலையையும் பிற்பகலையும் இடம் மாற்றியிருக்கிறேன். செவ்வாய் காலை அவருக்கு ஆகாத நேரமாக இருந்திருந்தால் இந்த முறை அதில் போய் மோத மாட்டோம். இதற்கும் பதில் இல்லை என்றால் நான்காவதாக எழுதாதீர்கள். இயக்குநரோடு நடக்கும் அடுத்த கூட்டத்தில் இதை ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்ல முடியுமா என்று உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். வரைபடம் கையில் தயாராக இருப்பதால் அவருக்கும் அது சுலபம்.

கடைசியாக, எல்லாம் உறுதியான பிறகும் அன்று காலை 9.30 மணிக்கு செயலாளர் கூப்பிட்டு “இன்று முடியாது போலிருக்கிறது” என்பார். இது சாதாரணமாக நடப்பது. “பரவாயில்லை, வியாழன் 2.30 இன்னும் காலியாக இருக்கிறதா?” என்று அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு ரயில் பயணம் முடிந்திருந்தாலும் குரலில் அது தெரியக் கூடாது. தள்ளிவைக்கப்பட்டவருக்கு அடுத்த நேரத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதில் நாங்கள் பிடிவாதமாக இருப்போம். புது நேரம் கிடைத்ததும் பழைய அழைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று அனுப்பாமல், அதே அழைப்பில் தேதியை மட்டும் மாற்றி அனுப்புங்கள். வரைபடம் அதிலேயே ஒட்டியிருக்கும், இயக்குநர் அறைக்குள் நுழைவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.